மலருக்குள் மாட்டிக்கொண்ட போட்டோ

பள்ளி நூற்றாண்டு மலர், குடமுழுக்கு மலர், சஷ்டியப்தபூர்த்தி மலர் என்று ஏதாவது ஒரு மலரின் பிடிஎஃப் நம்மில் பலருடைய போனில் கிடக்கும். அதில் ஒரு பக்கத்தில் தாத்தாவோடு அவருடைய வகுப்புத் தோழர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கும் பழைய குரூப் போட்டோ இருக்கிறது. அதை மட்டும் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்ட வேண்டும். மலருக்கு போட்டோ கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. டிடிபி செய்த கடையோ கம்ப்யூட்டரை மாற்றிவிட்டது. கையில் மிஞ்சியிருப்பது அந்தப் பிடிஎஃப் மட்டும்தான்.

இந்த நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது ஸ்கிரீன்ஷாட். பெரும்பாலான போன்களின் திரை 1080 பிக்சல் அகலம். அச்சில் ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால்தான் படம் நன்றாக வரும் என்பது அச்சகங்களின் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் மூன்றரை அங்குலத்துக்கு மேல் தாங்காது. விரலால் பெரிதாக்கிக்கொண்டு எடுத்தாலும் படத்தின் ஒரு துண்டுதான் வரும். அதுவும் திரைக்கு ஏற்றபடி இழுத்து நிரப்பப்பட்ட பிக்சல்களாக இருக்கும். "பிடிஎஃப் டு ஜேபிஜி" என்று இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் பெரும்பாலானவையும் முழுப் பக்கத்தையும் வரைந்து அதையே படமாக்கித் தருகின்றன. இதெல்லாம் ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் போட்டோவை பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து இன்னொரு போட்டோ எடுப்பது மாதிரிதான். பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு உள்ளே இருக்கும் போட்டோவையே உருவ முடியுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் முடியும்.

பிடிஎஃப் பக்கம் என்பது ஒரே சித்திரம் அல்ல. அது ஒரு செய்முறைக் குறிப்பு. இந்த எழுத்துருவில் இந்த வரியை இங்கே எழுது, இந்தக் கோட்டை இங்கிருந்து அங்கே போடு, 143ஆம் எண்ணுள்ள படத்தை இந்த இடத்தில் இந்த அகலத்தில் வை என்று வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். 143ஆம் எண்ணுள்ள படம் அந்த ஃபைலுக்குள்ளேயே தனி உருப்படியாக, தன் முழு அளவில் வைக்கப்பட்டிருக்கும். பிடிஎஃப்பைத் திறக்கும் மென்பொருள் அதை எடுத்துச் சுருக்கியோ நீட்டியோ பக்கத்தில் பொருத்திக் காட்டுகிறது. நாம் பார்ப்பது அந்தப் பொருத்திய வடிவத்தை மட்டும்.

நம்பிக்கை வராதவர்கள் பிடிஎஃப்பின் ஒரு நகலை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். புரியாத குறிகளுக்கு நடுவே இப்படி ஒரு இடம் தென்படும்:

```
143 0 obj
<< /Type /XObject /Subtype /Image
   /Width 1950 /Height 1300
   /ColorSpace /DeviceGray /BitsPerComponent 8
   /Filter /DCTDecode /Length 655412 >>
stream
```

அகலம் 1950 பிக்சல், உயரம் 1300, கறுப்பு வெள்ளை, 655412 பைட் நீளம். இங்கே முக்கியமான சொல் `DCTDecode`. பிடிஎஃப் மொழியில் அதற்கு ஜேபெக் என்று பொருள். `stream` என்ற சொல்லுக்கு அடுத்து வருவது ஏறக்குறைய எப்போதும் `ÿØÿ` என்று தொடங்கும். எந்த ஜேபெக் போட்டோவை நோட்பேடில் திறந்தாலும் முதலில் வருவது இதே குறிகள்தான். அங்கிருந்து `endstream` வரை உள்ள பைட்டுகளை அப்படியே வெட்டி, .jpg என்று பெயரிட்டுச் சேமித்தால் அது முழுமையான ஒரு போட்டோ ஃபைல். இதற்கு எதையும் மாற்ற வேண்டியதோ மறுபடி சுருக்க வேண்டியதோ இல்லை. இந்த வெட்டும் வேலையை நோட்பேடில் செய்யக் கூடாது, அது பைட்டுகளைச் சிதைத்துவிடும். ஆனால் படத்தைப் பிரிக்கும் கருவிகள் அடிப்படையில் செய்வது இவ்வளவுதான்.

மறுபடி சுருக்காமல் எடுப்பது ஏன் முக்கியம் என்றால், ஜேபெக் என்பதே இழப்போடு சுருக்கும் முறை. அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். ஒரு முறை கழித்ததைத் திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் இன்னொரு முறை கழியும். பழைய குரூப் போட்டோவில் ஒரு முகமே நாற்பது ஐம்பது பிக்சல் அகலத்துக்குள் அடங்கிவிடும். அங்கே இன்னொரு கழிவு என்றால் கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கலங்கிப் போகும்.

எல்லாப் படமும் ஜேபெக்காக இருப்பதில்லை. `FlateDecode` என்று இருந்தால், பிக்சல்களை இழப்பில்லாமல் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஸிப் ஃபைலில் நடக்கும் அதே சுருக்கம் இது. பிஎன்ஜி ஃபைலும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே அதை பிஎன்ஜியாக வெளியே எடுத்தால் ஒரு பிக்சலும் மாறாது. இந்த இரண்டு வகையும்தான் மலர்களில் அதிகம். ஸ்கேன் செய்த புத்தகங்களில் வேறு சில வகைகள் உண்டு, அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் சிறு கருவி `pdfimages`. டெரெக் நூன்பர்க் 1995இல் வெளியிட்ட எக்ஸ்பிடிஎஃப் என்ற மென்பொருளோடு வந்தது. பிறகு 2005இல் அதிலிருந்து கிளைத்த பாப்ளர் என்ற தொகுப்பும் இதை வைத்துக்கொண்டு மேலும் வளர்த்தது. பாப்ளரின் பதிப்பையே எடுங்கள். கீழே சொல்லும் `-all` என்ற வசதி அதில்தான் இருக்கிறது. உபுண்டுவில் `sudo apt install poppler-utils` என்று அடித்தால் வந்துவிடும். மேக் வைத்திருப்பவர்கள் ஹோம்ப்ரூ மூலம் `brew install poppler` என்று போட்டுக்கொள்ளலாம். விண்டோஸில் சுலபமான வழி, WSL என்ற உட்பிரிவை நிறுவி அதற்குள் அதே உபுண்டு கட்டளையைக் கொடுப்பது. கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். ஆனால் இங்கே தேவைப்படுவது இரண்டே இரண்டு வரிகள்.

முதல் வரி எதையும் எடுக்காது, பிடிஎஃப்புக்குள் என்னென்ன படங்கள் இருக்கின்றன என்று பட்டியல் மட்டும் போடும். இதைத் தாண்டிக்கொண்டு நேராக எடுக்கப் போகிறவர்கள்தான் பிறகு குழம்புகிறார்கள். நூற்றாண்டு மலர் `malar.pdf` என்ற பெயரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
pdfimages -list malar.pdf
```

நீண்ட பட்டியல் வரும். அதில் நான்கு வரிகளை மட்டும், சில பத்திகளை விட்டுவிட்டுக் காட்டுகிறேன்:

```
page num type  width height color enc   object x-ppi size ratio
   1   0 image  1200   1600 icc   jpeg      12   200 480K  8.5%
   1   1 smask  1200   1600 gray  image     12   200 38.2K 2.0%
  17   9 image  1950   1300 gray  jpeg     143   300 640K   26%
  23  14 image   420    280 rgb   jpeg     190    67 24.5K 7.1%
```

நமக்கு வேண்டிய குரூப் போட்டோ 17ஆம் பக்கத்தில் இருக்கிறது. அகலம் 1950, உயரம் 1300. `enc` என்ற பத்தியில் `jpeg` என்றிருக்கிறது, அதனால் அப்படியே உருவ முடியும். `x-ppi` என்பது அந்தப் பக்கத்தில் படம் வைக்கப்பட்டிருக்கும் அளவில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்ற கணக்கு. 1950ஐ 300ஆல் வகுத்தால் ஆறரை. மலரில் அந்தப் படம் ஆறரை அங்குல அகலத்தில் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலச் சட்டத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 160 பிக்சல்தான் கிடைக்கும். கையில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்த்தால் பரவாயில்லை. இந்த முடிவைப் படத்தை எடுக்கும் முன்பே எடுத்துவிடலாம், ஸ்டூடியோவில் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

`ratio` என்ற கடைசிப் பத்தியும் கவனிக்கத் தக்கது. சுருக்காமல் வைத்திருந்தால் ஆகும் அளவில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்று அது சொல்கிறது. 26 சதவீதம் என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தை மென்மையாகத்தான் சுருக்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று சதவீதம் என்று வந்தால் போட்டோவைக் கசக்கிப் பிழிந்திருக்கிறார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

23ஆம் பக்கத்துப் படத்தைப் பாருங்கள். 420க்கு 280 பிக்சல், அங்குலத்துக்கு 67. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மறுபடி மறுபடி அனுப்பி, கடைசியில் வந்து சேர்ந்ததை அப்படியே பக்கம் நிறைய இழுத்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கருவியைப் போட்டாலும் அதிலிருந்து 420 பிக்சலுக்கு மேல் ஒன்றும் வராது. "அசல் தரம்" என்று இந்த வேலையில் சொல்வது பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறதோ அந்தத் தரத்தைத்தான். கேமராவில் எடுத்தபோது இருந்த தரம் வேறு. பிடிஎஃப் செய்யும்போதே பெரும்பாலும் பிக்சல்களைக் குறைத்துவிடுகிறார்கள். இன்டிசைனில் "Smallest File Size" என்ற தேர்வில் ஏற்றுமதி செய்தால் 150க்கு மேல் இருக்கும் வண்ணப் படங்கள் எல்லாம் அங்குலத்துக்கு 100 பிக்சலாகக் குறைக்கப்படும். "High Quality Print" என்றால் 450க்கு மேல் இருப்பவை 300ஆகக் குறையும். ஆகவே ஒரே மலருக்கு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் சிறிய பிடிஎஃப் ஒன்று, அச்சகத்துக்குப் போன பெரிய பிடிஎஃப் ஒன்று என்று இரண்டு இருந்தால் பெரியதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் `-list` போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் உள்ளே இருக்கும் படம் குறையாது. போட்டோவைப் போட்டோவாக அனுப்பினால்தான் அது சுருக்குகிறது, டாக்குமென்டாகப் போகும் ஃபைலைத் தொடுவதில்லை.

இப்போது எடுக்கும் வரி:

```
pdfimages -all -p -f 17 -l 17 malar.pdf padam
```

`-f`, `-l` இரண்டும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்பதற்கு. `-p` போட்டால் ஃபைல் பெயரில் பக்க எண் சேரும். நமக்குக் கிடைப்பது `padam-017-000.jpg`. உயிர்நாடி `-all` தான். ஜேபெக்காக இருப்பதை ஜேபெக்காகவே கொடு, மற்றவற்றை இழப்பில்லாத வடிவில் கொடு என்பது அதன் அர்த்தம். அதைப் போடாவிட்டால் போட்டோக்கள் எல்லாமே .ppm என்ற பழைய வடிவத்தில் பல மடங்கு பெருத்து வெளியே வரும். தரம் கெடாதுதான். ஆனால் பெரும்பாலானோர் அதைத் திறக்க வழி தெரியாமல் வேறொரு மாற்றியில் போட்டு மறுபடி ஜேபெக்காக்குவார்கள், இழப்பு அங்கே நடக்கும்.

வந்தது அசல்தானா என்று சோதிக்க ஃபைலின் அளவைப் பாருங்கள். பட்டியலில் 640K என்று இருந்தது, வெளியே வந்த ஃபைலும் அதே 640 கேபி இருந்தால் பைட் மாறாமல் வந்திருக்கிறது. வேறு எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் இதே சோதனை செல்லும். கட்டளை வேண்டாம் என்பவர்களுக்கு, காசு கொடுத்து வாங்கும் அக்ரோபேட் ப்ரோவில் ஏற்றுமதிப் பகுதியில் எல்லாப் படங்களையும் தனித்தனியாகச் சேமிக்கும் தேர்வு இருக்கிறது. இணையத் தளங்கள் சிலவும் பக்கத்தைப் படமாக்கு, உள்ளிருக்கும் படங்களை எடு என்று இரண்டு தேர்வுகள் தருகின்றன. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்த பிறகு அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். 640 கேபி படம் 210 கேபியாக வந்தால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் தெரியாத சர்வரில் ஏற்றத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

குரூப் போட்டோவைத் திறந்ததும் பலருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். மலரில் அச்சாகாத ஒரு பகுதியும் சேர்ந்து வந்திருக்கலாம். இடது ஓரத்தில் நிற்கும் இன்னும் இரண்டு பேர், கீழே தரையில் வைத்திருந்த சிலேட்டுப் பலகை, அதில் சாக்பீஸில் எழுதிய வருடமும் வகுப்பும். பக்கம் வடிவமைத்தவர் படத்தை ஒரு சட்டத்துக்குள் வைத்து ஓரங்களை மறைத்திருப்பார். மறைத்தாரே தவிர வெட்டவில்லை. ஏற்றுமதி செய்யும்போது சட்டத்துக்கு வெளியே உள்ளதை வெட்டிவிடும் தேர்வு இன்டிசைனில் உண்டு. அது இயங்கியிருந்தால் ஓரம் போய்விட்டது, இல்லையென்றால் ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பழைய படத்தில் யார் யார் என்று தேடுகிறவர்களுக்கு இந்த ஓரம் படத்தைவிடப் பயன்படும் சமயங்கள் உண்டு.

இதே விஷயம் வேறொரு இடத்தில் ஆபத்தாகவும் முடியும். ஆதார் அட்டையை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில், எண்ணின் மேல் ஒரு கறுப்புப் பட்டையை வரைந்து அனுப்புகிறவர்கள் நிறைய. அந்தப் பட்டை, படத்தின் மேல் வைத்த தனி உருப்படி. மேலே சொன்ன அதே கட்டளையைப் போட்டால் பட்டை பிடிஎஃப்பிலேயே தங்கிவிடும். எண்ணோடு கூடிய அட்டைப் படம் பளிச்சென்று வெளியே வரும். அக்ரோபேட் ப்ரோவில் இருக்கும் ரெடாக்ட் வசதி, படத்தில் அந்த இடத்தின் பிக்சல்களையே அழிக்கும். அது இல்லாதவர்கள் பட்டையோடு சேர்த்துப் பக்கத்தைப் படமாக்கி, அந்தப் படத்தை அனுப்புவதே பாதுகாப்பு.

மலரின் அட்டைக்கு வருவோம். பட்டியலில் முதல் பக்கத்துக்கு இரண்டு வரிகள் இருந்தன, ஒன்று `image`, இன்னொன்று `smask`. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே உருப்படி எண். அட்டையில் நிறுவனரின் உருவத்தைப் பின்னணி நீக்கி, வண்ணக் கோலத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப்பில் ஒளிபுகும் தன்மை படத்தோடு சேர்ந்திருப்பதில்லை. உருவம் ஒரு படமாகவும், எங்கே தெரிய வேண்டும் எங்கே மறைய வேண்டும் என்பது கறுப்பு வெள்ளையில் இன்னொரு படமாகவும் இருக்கும். வெள்ளை இடம் தெரியும், கறுப்பு இடம் மறையும். பிரித்தெடுத்தால் இரண்டு ஃபைல்கள் வரும். முதலாவதைத் திறந்தால் நிறுவனருக்குப் பின்னால் ஸ்டூடியோத் திரையோ வெறும் கறுப்போ இருக்கும். இரண்டாவதில் வெள்ளை நிழலுருவம் மட்டும் தெரியும். ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருந்தால் இரண்டையும் ஒரே வரியில் சேர்க்கலாம்:

```
magick padam-001-000.jpg padam-001-001.png -alpha off \
  -compose CopyOpacity -composite niruvanar.png
```

விடையை பிஎன்ஜியாகத்தான் சேமிக்க வேண்டும், ஜேபெக்குக்கு ஒளிபுகும் தன்மை கிடையாது.

அட்டைப் படத்தின் `color` பத்தியில் `icc` என்று இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்தப் படத்தின் வண்ணங்களை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற குறிப்பு பிடிஎஃப்பில் தனியாக இருக்கிறது. ஜேபெக்கை உருவும்போது அந்தக் குறிப்பு பின்தங்கிவிடலாம், அப்போது வண்ணம் சற்றுச் சோர்ந்து தெரியும். அச்சுக்கென்று நான்கு மைகளாகப் பிரித்த படங்களில் கோளாறு இன்னும் வெளிப்படையாக இருக்கும். `color` பத்தியில் `cmyk` என்றிருந்து, எடுத்த ஜேபெக் பிலிம் நெகட்டிவ் மாதிரி தலைகீழ் வண்ணத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். அடோபியின் மென்பொருள்கள் அந்த வகை ஜேபெக்கில் எண்களைத் தலைகீழாக எழுதிவிட்டு, திருப்பிப் படி என்ற குறிப்பை பிடிஎஃப்பில் வைக்கும் வழக்கம் உண்டு. போட்டோஷாப்பில் இன்வர்ட் செய்து டிஃப்பாகச் சேமித்தால் சரியாகிவிடும்.

சில மலர்களில் ஒரே போட்டோ பத்து இருபது பட்டைகளாக நறுக்கப்பட்டு வரும். நிழலும் ஒளிபுகும் விளைவுகளும் சேர்த்த பக்கத்தை பழைய முறையில் பிடிஎஃப்பாக்கினால் இப்படி ஆகும். எல்லாம் ஒரே அகலமுள்ள ஜேபெக் அல்லாத பட்டைகளாக இருந்தால் `magick pattai-*.png -append muzhu.png` என்று மேலிருந்து கீழாக அடுக்கிவிடலாம். இதற்கு நேர்மாறாக, கண்ணுக்குப் படமாகத் தெரிவது பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம். பள்ளியின் இலச்சினை, வரைபடம், புள்ளிவிவரக் கட்டம் எல்லாம் பெரும்பாலும் பிக்சல்களாக இருப்பதில்லை, கோடுகளாகவும் வளைவுகளாகவும் வரையப்பட்டிருக்கும். அவற்றை `pdftocairo -svg -f 3 -l 3 malar.pdf pakkam3.svg` என்று பக்கமாக எடுத்து, இங்க்ஸ்கேப்பில் திறந்து, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது என்பது இதில் கிடைக்கும் லாபம்.

இதுவரை சொன்னதெல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்த மலர்களுக்கு. ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களின் பிடிஎஃப் தனி உலகம். இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கும் பழைய இதழ் ஒன்றிலிருந்து ஒரு ஓவியத்தை எடுக்கப் போனால், ஒரே பக்கத்துக்கு இரண்டு மூன்று ஃபைல்கள் வந்து விழும். ஒன்றில் எழுத்தே இல்லாமல் பழுப்பேறிய தாள் மட்டும் மங்கலாகத் தெரியும். இன்னொன்றில் கூர்மையான கறுப்பு வெள்ளை எழுத்துகள் மட்டும். மூன்றாவதில் மையின் நிறம் திட்டுத்திட்டாக இருக்கும். ஃபைலைச் சிறிதாக்குவதற்காகப் பக்கத்தை அடுக்குகளாகப் பிரித்துவிட்டார்கள். எழுத்து கூர்மையாக இருந்தால் போதும், தாளின் பழுப்பு மங்கினால் யார் கவலைப்படப் போகிறார்கள் என்ற கணக்கு. படிப்பவருக்கு அது நியாயமான கணக்கு. ஓவியத்தைத் தேடுகிறவருக்குத்தான் நஷ்டம். ஓவியத்தின் கோடுகள் எழுத்து அடுக்கிலும், அதன் சாயல்கள் மங்கலான அடுக்கிலுமாகப் பிரிந்து கிடக்கும். தனித்தனியாக எதுவும் ஓவியமாக இருக்காது.

இந்தக் கறுப்பு வெள்ளை அடுக்குகள் பெரும்பாலும் ஜேபிக் 2 என்ற வடிவில் இருக்கும். `-all` போட்டால் .jb2e என்ற பெயரில், வழக்கமான மென்பொருள்கள் திறக்காத ஃபைலாக வரும். அப்போது `-all` என்பதற்குப் பதிலாக `-png` போடுங்கள். ஒரு பிக்சலும் மாறாமல் பிஎன்ஜியாகக் கிடைக்கும். ஆனால் ஜேபிக் 2இல் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. இழப்போடு சுருக்கும் முறையில் அது ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் க்ரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாள்களில் 6 என்ற எண் 8ஆக மாறியிருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். காரணம் இந்தச் சுருக்கம்தான். அப்படிப்பட்ட பிடிஎஃப்பிலிருந்து அசல் தரத்தில் எடுத்தாலும் தவறான எண்தான் அசல் தரத்தில் வரும். பழைய கணக்கேடு, பஞ்சாங்கம் போன்றவற்றை ஸ்கேனிலிருந்து எடுத்தெழுதுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

அடுக்குகளாகப் பிரிந்த பக்கத்தை எடுக்கும்போது, ஸ்கிரீன்ஷாட்டை விலக்கிய நாமே பக்கத்தை வரைந்து படமாக்கும் வழிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அளவை மட்டும் நாமே தீர்மானிக்கிறோம். `-list` பட்டியலில் எழுத்து அடுக்குக்கு எவ்வளவு `x-ppi` இருக்கிறதோ அதையே கொடுக்க வேண்டும். 400 என்றிருந்தால் இப்படி:

```
pdftoppm -r 400 -f 31 -l 31 -png ithazh.pdf pakkam
```

அதற்குக் குறைவாகக் கொடுத்தால் கூர்மை போகும், அதிகமாகக் கொடுத்தால் ஃபைல் வீங்குமே தவிர புதிதாக ஒன்றும் வராது. இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கும் நூல் என்றால் இதுகூடத் தேவைப்படாமல் போகலாம். நூலின் பக்கத்தில் பதிவிறக்கத் தேர்வுகளின் பட்டியலில் பிடிஎஃப்போடு "Single Page Processed JP2 ZIP" என்று ஒன்று பல நூல்களுக்கு இருக்கும். பிடிஎஃப்பைத் தயாரிக்க எடுத்துக்கொண்ட பக்கப் படங்கள் அடுக்குகளாகப் பிரிக்கப்படாமல் அந்த ஸிப்பில் தனித்தனியாக இருக்கின்றன. பிடிஎஃப் பத்து எம்பி என்றால் இது பல நூறு எம்பி வரும். இறக்க நேரமாகும். உள்ளே இருப்பவை ஜேபெக் 2000 வடிவில் இருப்பதால் பல போன்களில் திறக்காது, கம்ப்யூட்டரில் ஜிம்ப் திறக்கும். ஸிப்பில் உள்ள எண்ணும் புத்தகத்தில் அச்சான பக்க எண்ணும் ஒன்றாக இருக்காது. அட்டை, உள்ளட்டை, முன்னுரை எல்லாம் சேர்த்து எண்ணியிருப்பதால், வேண்டிய ஓவியத்தைக் கண்டுபிடிக்க முன்னும் பின்னும் பத்துப் பக்கம் தேட வேண்டியிருக்கும்.